மூன்று வருடம் கமிட்டில் இமோஜி போட்ட பிறகு மிஞ்சியவை மூன்று

எங்கள் டீமில் ஒன்பது பேர். கமிட் மெசேஜில் இமோஜி போடத் தொடங்கி மூன்று வருடம் ஆகிறது. முதல் வருடம் கிட்மோஜி பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டோம். 2016-ல் கார்லோஸ் குவெஸ்டா தொடங்கிய அந்தப் பட்டியலில் 70-க்கும் மேல் படங்கள் இருக்கின்றன. புதிய வசதி என்றால் ✨, பிழை திருத்தம் என்றால் 🐛, நிரலைச் சீரமைத்தால் ♻️. எது எதற்கு என்று மனப்பாடம் செய்யவே இரண்டு வாரம் போனது. ♻️ போடுவதா 🎨 போடுவதா என்று மதிய சாப்பாட்டில் சண்டைகூட நடந்தது.

ஒரு ரிலீஸ் இரவில்தான் அதன் லட்சணம் தெரிந்தது. ஆர்டர் பக்கம் திறக்க இருபது நொடி எடுத்தது. முந்தைய ரிலீஸுக்குப் பின் வந்த 38 கமிட்டுகளையும் டெர்மினலில் வரிசையாக ஓடவிட்டேன். எல்லா வரியிலும் ஒரு படம். திருவிழாக் கடைத்தெரு மாதிரி இருந்ததே தவிர, கண் எதிலும் நிற்கவில்லை. குற்றவாளி, ஓர் இண்டெக்ஸை நீக்கிய மைக்ரேஷன். அதன் தலையில் இருந்தது 🔥, அதாவது 'தேவையில்லாததை நீக்கினேன்'. போட்டவர் விதிப்படிதான் போட்டிருந்தார்.

மறுநாள் உட்கார்ந்து யோசித்தபோது பிடிபட்டது இதுதான்: `Fix` என்று வரி தொடங்கினாலே அது பிழை திருத்தம் என்று தெரிந்துவிடும், 🐛 எதற்கு? வரியில் உள்ள சொல் சொல்லாததைச் சொன்னால்தான் படத்துக்கு வேலை. ஆகவே மூன்றை மட்டும் வைத்துக்கொண்டோம்: டேட்டாபேஸைத் தொட்டால் 🗃️, பழைய ஏபிஐ உடைந்தால் 💥, பாதுகாப்பு சம்பந்தப்பட்டது என்றால் 🔒️. மற்ற வரிகளுக்கு ஒன்றும் கிடையாது. இப்போது எங்கள் லாக் இப்படித்தான் இருக்கும்:

```
a41c9e2 Fix rounding in invoice total
7be03d1 🗃️ Drop old index on orders.status
e90f5ab Update date picker label
```

படம் வரியின் தொடக்கத்திலேயே இருக்க வேண்டும். நடுவில் வைத்தால் கண் ஒவ்வொரு வரியையும் முழுதாகப் படிக்க வேண்டியிருக்கிறது. `:card_file_box:` என்று எழுத்தாகவும் எழுதுவதில்லை. கிட்ஹப் அதைப் படமாக்கிக் காட்டும், டெர்மினல் காட்டாது. ஐம்பது எழுத்துக்குள் முடிக்க வேண்டிய தலைப்பில் பதினைந்து எழுத்து அதற்கே போய்விடும்.

தேடும்போது ஒரு பொறி உண்டு. 🗃️ பார்வைக்கு ஒரு எழுத்து, உள்ளே இரண்டு: அடிப்படைக் குறியும், 'வண்ணத்தில் காட்டு' என்று சொல்லும் கண்ணுக்குத் தெரியாத U+FE0F-உம். சில கீபோர்டுகள் அந்த இரண்டாவதைச் சேர்ப்பதில்லை. சேர்ந்ததை வைத்துத் தேடினால் சேராத கமிட்டுகள் வராது. அடிப்படைக் குறியை மட்டும் கொடுத்தால் இரண்டுமே வரும்:

```
git log --oneline --grep=$'\U1F5C3' v4.2..v4.3
```

இன்னொரு நாள் டெப்லாய் பாதியில் நின்றது. ஸ்கிரிப்ட் கமிட் மெசேஜை மைஎஸ்கியூஎல் அட்டவணை ஒன்றில் பதிந்துவைக்கும். அந்த நெடுவரிசை பழைய `utf8`, ஒரு எழுத்துக்கு அதிகபட்சம் மூன்று பைட். 💥-க்கு நான்கு தேவை. `Incorrect string value` என்று சொல்லிப் படுத்துக்கொண்டது. `utf8mb4`-க்கு மாற்றினோம், சரியானது. அந்த மாற்றத்துக்கான கமிட்டிலும் 🗃️ இருந்தது என்பது தனிக்கதை.

கோட் ரிவியூவில் கிடைத்த பலன் இதைவிடப் பெரிது. ஒரு முறை தம்பி ஒருவரின் பிஆரில் 'இங்கே ஏன் லூப் வைத்தோம்?' என்று எழுதியிருந்தேன். மறுநாள் காலை வந்து, "அண்ணா, ராத்திரியே மொத்த ஃபங்ஷனையும் மாத்திட்டேன்" என்றார். "நான் எங்கப்பா மாத்தச் சொன்னேன்? தெரியாமத்தானே கேட்டேன்!" பாவம், தூக்கம் போனதுதான் மிச்சம். அன்றிலிருந்து ஒவ்வொரு கருத்தின் முன்னும் மூன்றில் ஒன்று: ❓ வெறும் கேள்வி, பதில் சொன்னால் போதும். ⛏️ சின்ன விஷயம், விட்டாலும் பரவாயில்லை. 🛑 இதைச் சரிசெய்யாமல் மெர்ஜ் கூடாது. இருபது கருத்துகள் உள்ள பிஆரைத் திறந்தால் முதலில் 🛑 மட்டும் தேடிப் பார்த்து முடிக்கிறார்கள். எனக்கும் ஒரு கட்டுப்பாடு வந்தது: 🛑 போடுமுன் 'இது நிஜமாகவே தடுக்க வேண்டியதா?' என்று கை தயங்குகிறது. பாதி ⛏️ ஆகிவிடுகிறது.

👍 மட்டும் இன்னும் தலைவலி. பார்த்துவிட்டேன் என்பதா, ஒப்புக்கொள்கிறேன் என்பதா, மாற்றிவிட்டேன் என்பதா? போதாக்குறைக்கு, கிட்ஹப்பில் ரியாக்‌ஷன் போட்டால் மற்றவருக்கு நோட்டிஃபிகேஷனும் போகாது. இரண்டு நாள் இருவரும் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்திருக்கிறோம். இப்போதெல்லாம் 'சரி, மாற்றிவிட்டேன்' என்று எழுதி, கமிட் எண்ணையும் ஒட்டிவிடுகிறேன்.