எலோ ரேட்டிங்கில் K: நெடுநாள் பயன்படுத்திய பின் ஒரு மதிப்பீடு

தம்முடைய இணையச் சதுரங்கக் குழுவுக்கு, ஆட்டக்காரரின் பலத்தை ஓர் எண்ணாகச் சொல்லும் எலோ முறையில் ரேட்டிங் போடப்போகும் நண்பர் ஒருவர், K-க்கு என்ன மதிப்பு வைக்கலாம் என்று கேட்டார். எங்கள் குழுவில் இந்தக் கணக்கை நெடுங்காலமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன் என்பதால், அவருக்குச் சொன்னதைச் சற்று விரிவாகவே எழுதிவைக்கிறேன். சூத்திரம் எல்லோரும் அறிந்ததுதான். Ra, Rb இருவரின் ரேட்டிங்; E எதிர்பார்க்கும் முடிவு; S உண்மையில் வந்த முடிவு, வெற்றிக்கு 1, டிராவுக்கு 0.5, தோல்விக்கு 0; ஓர் ஆட்டம் ரேட்டிங்கை எவ்வளவு அசைக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது K.

```
E  = 1 / (1 + 10^((Rb - Ra)/400))
Ra = Ra + K*(S - E)
```

முதலில் புகழ வேண்டியதைப் புகழ்ந்துவிடுகிறேன். இரண்டே வரிகளில் அடங்கும் ஒரு கணக்கு இத்தனை காலம் பழுதின்றி ஓடுவது வியப்புக்குரியது. என் எரிச்சலெல்லாம் K என்ற அந்த ஓர் எழுத்தின் மேல்தான்.

பலரும் வைப்பதுபோல் நாங்களும் 32 வைத்தோம். இதில் சமபலமுள்ளவரை வென்றால் 16 புள்ளி ஏறும், தோற்றால் 16 இறங்கும். ஐந்து ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றவருக்கு 80 புள்ளி வரை கூடிவிடும். ஆனால் சமமானவர்களுக்கிடையே ஐந்து தொடர் வெற்றி என்பது, டிராவை விட்டுவிட்டால், 32-இல் ஒரு வாய்ப்புள்ள வெறும் தற்செயல். ஆட்டத்திறன் துளியும் மாறாத ஒருவரின் ரேட்டிங்கூட K=32-இல் அவருடைய உண்மை நிலையைச் சுற்றி ஏறத்தாழ 53 புள்ளி திட்ட விலக்கத்துடன் ஆடிக்கொண்டே இருக்கும். அதாவது மூன்றில் ஒரு பங்கு நேரம் அது 53 புள்ளிக்கும் மேலாகவே விலகி நிற்கும். அந்த ஊசலாட்டத்தைத் தம்முடைய வளர்ச்சி என்றோ வீழ்ச்சி என்றோ எண்ணி எனக்கு நீண்ட கடிதம் எழுதுபவர்களுக்குப் பதில் சொல்வதுதான் இந்தப் பொறுப்பின் பெரும்பாதி.

K-ஐ 16 ஆக்கினால் அந்த விலக்கம் 37 ஆகக் குறையும். பாதியாகாது, K-இன் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே இந்தத் தற்செயல் இரைச்சல் குறைகிறது. வேகமோ நேர்விகிதத்தில் குறைகிறது: உண்மைத் திறனுக்கும் ரேட்டிங்குக்கும் இடையிலான இடைவெளி பாதியாவதற்கு K=32-இல் சுமார் 15 ஆட்டங்கள் போதும், K=16-இல் 30 வேண்டும். இரைச்சலில் கிடைக்கும் சிறு ஆதாயத்துக்கு வேகத்தில் பெரிய விலை கொடுக்கிறோம் என்பதை மதிப்பை மாற்றும் முன்பே கணக்கிட்டுக்கொள்வது நல்லது.

புதியவர் விஷயத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். உண்மையில் 1900 திறனுள்ள ஒருவர் 1500-இல் தொடங்கி, தம் ரேட்டிங்குக்கு இணையானவர்களோடு ஆடுகிறார் என்று கொள்வோம். K=10 என்றால் பாதித் தூரம் ஏறவே 60 ஆட்டங்கள்போல் ஆகும்; அதுவரை அவரிடம் தோற்பவர்கள் ஒரு குற்றமும் செய்யாமல் புள்ளி இழப்பார்கள். K=40 வைத்தால் 15 ஆட்டங்களில் அந்த இடத்துக்கு வந்துவிடுவார். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே புதியவர்களுக்கு 30 ஆட்டங்கள் வரை 40, பிறகு 20, ரேட்டிங் 2400-ஐத் தொட்டவர்களுக்கு 10 என்று வகுத்திருப்பதன் நியாயம் எனக்கு விளங்கியது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான். இதற்கும் ஒரு விலை உண்டு. புதியவர் 20 புள்ளி பெறும்போது K=16 உள்ள எதிராளி 8 மட்டுமே இழப்பதால், குழுவின் மொத்தப் புள்ளி 12 கூடிவிடும்; பலவீனமான புதியவர் தோற்றால் அதே அளவு குறையும். தொடக்க மதிப்பைக் குழுவின் சராசரிக்கு அருகில் வைக்காவிட்டால் எல்லோருடைய எண்ணும் மெல்ல ஒரே திசையில் நகரத் தொடங்கும்.

எதிர்பாராத மகிழ்ச்சி ஒன்றும் இதில் கிடைத்தது. பழைய ஆட்டங்களை நடந்த வரிசையிலேயே மீண்டும் ஓட்டி, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்பு கணக்கு சொன்ன E-ஐ முடிவோடு ஒப்பிட்டு, கணிப்பு எவ்வளவு தவறியது என்பதை அளக்கும் லாக் லாஸ் பார்த்தால், எந்த K நன்றாகக் கணிக்கிறது என்பதைத் தரவே சொல்லிவிடும். எப்போதும் 0.5 என்று சொல்லும் சோம்பேறிக் கணிப்பின் மதிப்பு 0.693. சமமானவர்களையே ஜோடி சேர்க்கும் குழுவில் நல்ல K-கூட அதைவிடச் சற்றே கீழே வரும் என்பதால், மூன்றாம் தசம இடத்தில் தெரியும் வேறுபாட்டைக் கண்டு ஏமாற்றம் அடையத் தேவையில்லை. தனி ஆட்டக்காரரிடமும் அடையாளம் தெரியும்: ஒருவரின் S−E கூட்டுத்தொகை பல ஆட்டங்களுக்குத் தொடர்ந்து ஏறிக்கொண்டே போனால் K போதவில்லை, வெற்றித் தொடருக்குப் பிறகு வரும் ஆட்டங்களில் ஆட்டக்காரர்கள் வழக்கமாகவே எதிர்பார்ப்புக்குக் கீழே ஆடினால் K மிகை.

எங்கள் தரவில் 16-தான் 32-ஐ முந்தியது. ஆகவே நண்பருக்கு என் பரிந்துரை, முதல் 30 ஆட்டங்களுக்கு 40, அதன்பின் 16. எங்கள் குழுவிலோ நான் 32-ஐ மாற்றவில்லை. எங்களிடம் பெரும்பாலோர் வாரத்துக்கு ஓர் ஆட்டம் ஆடுபவர்கள். 30 ஆட்டங்கள் என்றால் அவர்களுக்கு அரையாண்டுக்கும் மேல். கடைசி ஆட்டம் நேற்று நடந்ததா, எட்டு மாதங்களுக்கு முன் நடந்ததா என்பது எலோவுக்குத் தெரியாது. இடைவெளி நீள நீள ரேட்டிங்கின் நிச்சயமின்மையைக் கூட்டிக்கொள்ளும் கிளிக்கோ முறைக்கு மாறும் வரை, தோற்ற நாளில் வரும் கடிதங்களைப் பொறுத்துக்கொள்வதாக இருக்கிறேன்.