அசெலாயிக் ஆசிட்: முகம் தெளிந்தது, அரிப்பு விடவில்லை

அம்பாசமுத்திரத்திலிருந்து மதினி கேட்டிருந்தார்கள்: "நீ போடுற க்ரீம் எனக்கு ஒத்துக்கிடுமா?" அவர்கள் கேட்டது அசெலாயிக் ஆசிட் ஜெல்லைத்தான், ஒரு வருஷத்துக்கும் மேலாகப் போடுகிறேன். பலன் நிச்சயம் உண்டு. தாடையில் வரும் பருக்கள் குறைந்தன, அவை விட்டுப்போன கருமையும் மெல்ல மங்கியது. நல்ல தோலை வெளுக்காமல், நிறமி அதிகமாகச் சுரக்கிற இடத்தில்தான் இது முக்கியமாக வேலை பார்க்கும். மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும்.

ஆனால் அந்த அரிப்பு! தடவிய கொஞ்ச நேரத்தில் முகமெல்லாம் எறும்பு ஊர்கிறது. பாளையங்கோட்டை வெயிலில் வேர்த்த முகத்தோடு வீட்டுக்கு வந்து, கழுவிய ஈரத்திலேயே தடவினால் இன்னும் மோசம். முகத்தைத் துடைத்து நன்றாகக் காயவிட்டு, வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் போட்டு, அதன் மேல் பட்டாணி அளவு தடவினால் தாங்கலாம். முதலில் ஒரு ராத்திரி விட்டு ஒரு ராத்திரி, பழகிய பிறகு தினமும். அதே ராத்திரியில் ரெட்டினால், சாலிசிலிக் ஆசிட் மாதிரி தோலை எரிச்சலாக்கும் வேறெதுவும் கூடாது.

சாதாரண அரிப்பு அரை மணி நேரத்துக்குள் அடங்கும், வாரம் போகப் போகக் குறையும். மறுநாள் காலையிலும் எரிந்தாலோ, வீங்கினாலோ, தோல் உரிந்தாலோ நிறுத்திவிட வேண்டும். நம் மாநிறத்தில் சிவப்பு கண்ணாடியில் சட்டென்று தெரியாது. கையால் தொட்டுப் பார்த்தால் சூடு தெரியும். அந்த எரிச்சலைப் பொறுத்துக்கொண்டு தொடர்ந்தால், மங்க வேண்டிய இடத்திலேயே புதுக் கருமை வரும். கொடுமைதான்.

எண்ணெய்ப் பசையும் பருத் தழும்பும் உள்ள முகத்துக்கு இது நல்ல பொருத்தம். ரோசேசியா என்ற தோல் நோயில் வரும் சிவப்புக்கும் கொப்புளங்களுக்கும் 15% ஜெல் உதவும், ஆனால் கன்னத்தில் தெரியும் மெல்லிய ரத்தக்குழாய்கள் போகாது. வறண்டு உரியும் தோல், எக்ஸிமா உள்ளவர்கள் முதலில் அதைச் சரிசெய்துவிட்டு வர வேண்டும். கர்ப்பமாக இருப்பவர்களுக்குக்கூட மருத்துவர்கள் இதை எழுதித் தருவதுண்டு.

மதினி விஷயம் வேறு. மெடிக்கலில் சீட்டு இல்லாமல் வாங்கிய வெளுப்பு க்ரீமை வருஷக்கணக்காகப் போட்டவர்கள். ட்யூபைப் புரட்டிப் பார்த்தால் மொமெட்டாசோன் என்று இருக்கிறது, அது ஸ்டீராய்டு. நிறுத்தினால் முகம் சிவந்து பொரிப் பொரியாக வரும், போட்டால் அடங்கும். அந்தத் தோல் மேல் அசெலாயிக்கைத் தடவினால் எரிச்சல்தான் மிஞ்சும். ஸ்டீராய்டை எப்படி விடுவது என்று தோல் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். "மதினி, இப்போ வேண்டாம், முதல்ல டாக்டரப் பாருங்க" என்று சொல்லிவிட்டேன்.

இன்னொரு எரிச்சலும் உண்டு: காலையில் ஜெல் போட்டு, அது காய்வதற்குள் சன்ஸ்கிரீன் தடவினால் அழிரப்பர் தூள் மாதிரி உருண்டு உதிர்கிறது. கருமை திரும்பாமலிருக்க சன்ஸ்கிரீனை விடவும் முடியாது. காலையில் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் இதற்கெல்லாம் யார் காத்திருப்பது? ஐந்துக்கு இரண்டரைதான் கொடுப்பேன். தீர்ந்ததும் அடுத்த ட்யூப் வாங்கத்தான் போகிறேன்.