பதினைந்து மீட்டர் குழிக்குப் பதினாறு மீட்டர் பில்: பைல் போடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்

சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு மண்டபம் கட்டுகிறோம். நான் கட்டடக் குழுப் பொருளாளர். முப்பது வருடம் கிராணி வேலை பார்த்தவன், கட்டடம் பற்றி ஒன்றும் தெரியாது. எடை போடாமல், சீட்டு வாங்காமல் எதையும் உள்ளே விடாத பழக்கம் மட்டும் உண்டு. அந்தப் பழக்கத்தால்தான் இந்த விஷயம் வெளியே வந்தது. குத்தகைக்காரர் பெயரைப் போடவில்லை, கேட்காதீர்கள்.

மண்டபத்துக்கு 12 போர்ட் பைல், அதாவது மண்ணில் துளை போட்டுக் கம்பிக்கூட்டை இறக்கிக் கான்கிரீட் ஊற்றும் அஸ்திவாரத் தூண். விட்டம் 600 மில்லிமீட்டர், தரையிலிருந்து 15 மீட்டர் ஆழம். பைலின் தலை தரை மட்டத்தில் முடிவதில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. எங்கள் வரைபடத்தில் பைலின் தலை முடியும் கட்-ஆஃப் மட்டம் தரைக்கு 2 மீட்டர் கீழே இருந்தது. பைலின் தலைமேல் போடும் கான்கிரீட் கட்டையான பைல் கேப் அங்கேதான் உட்காரும். ஆகவே துளை 15 மீட்டர், பைல் 13 மீட்டர். மேலே இருக்கும் 2 மீட்டர் வெறும் குழி, மண் போட்டு மூடுவார்கள்.

வேலை முடிந்து பில் வந்தது. கான்கிரீட் ஒரு பைலுக்கு 5.2 கன மீட்டர், மொத்தம் 62.4. கம்பிக்கூடு ஒன்றுக்கு 298 கிலோ, மொத்தம் 3,576. ரெடிமிக்ஸ் லோரிகள் சரக்கோடு கொடுத்த டி.ஓ. சீட்டுகள் எல்லாம் என் கோப்பில் இருந்தன. கூட்டிப் பார்த்தேன்: பைலுக்கு ஒரு லோரி, லோரிக்கு 4 கன மீட்டர், மொத்தம் 48. கம்பி லோரியைப் பக்கத்துச் செம்பனை ஆலையின் எடைப் பாலத்தில் ஏற்றி எடுத்த சீட்டில் 2,640 கிலோ.

கேட்டதற்குக் குத்தகைக்காரர் சிரித்தார். “ஐயா, இது ஈப்போ பக்கத்து மண். அடியில் சுண்ணாம்புப் பாறை, ஓட்டை ஒடசல் எல்லாம் இருக்கும். குழி கான்கிரீட்டைக் குடிச்சிடும்.” குடிக்கும், உண்மைதான். கிந்தா பள்ளத்தாக்கில் அப்படி நடப்பதைப் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் குழி எவ்வளவு குடித்தாலும் அது லோரியில் வந்ததைத்தானே குடிக்க முடியும்? வராத 14.4 கன மீட்டரை எப்படிக் குடித்தது? கன மீட்டருக்கு 350 வெள்ளி என்று போட்டிருந்தார். இந்த ஒரு வரியில் மட்டும் 5,040 வெள்ளி.

எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி பொறியாளர். அவளிடம் பில்லைக் காட்டினேன். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பில்லின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டினாள்.

600 மில்லிமீட்டர் வட்டத்தின் பரப்பு 0.2827 சதுர மீட்டர். 13 மீட்டர் பைலுக்கு 3.68 கன மீட்டர். ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது என்றாள். தண்ணீர் நிற்கும் குழியில் கான்கிரீட்டைக் குழாய் வைத்து அடியிலிருந்து மேலே ஏற்றுவார்கள். முதலில் போனது சேற்றையும் தண்ணீரையும் தள்ளிக்கொண்டு மேலே வரும், ஆகவே தலைப்பக்கம் எப்போதும் கலங்கல்தான். அதனால் கட்-ஆஃப் மட்டத்துக்கு மேலே இன்னும் ஒரு மீட்டர் ஊற்றி, இறுகியபின் அந்தக் கெட்ட தலையை உடைத்தெடுக்க வேண்டும் என்று எங்கள் வரைபடத்திலேயே எழுதியிருந்தது. அப்படியானால் 14 மீட்டர், 3.96 கன மீட்டர். குழி வட்டமாக வராமல் அங்கங்கே அகன்றுபோவதற்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 4.35. லோரிக்கு நாலரை சொல்லியிருக்க வேண்டும்.

அவர் பில் எப்படி 5.2 ஆனது? தரையிலிருந்து 15 மீட்டர், அதற்கும் மேலே உடைக்கிற ஒரு மீட்டர், ஆக 16. அதோடு 15 சதவீதம் சேதாரம். அதாவது வெறும் குழிக்கும் கான்கிரீட் விலை, தரைக்கு மேலே காற்றில் நிற்கும் ஒரு மீட்டருக்கும் கான்கிரீட் விலை.

அதைவிட அவள் முகம் மாறியது 4 என்ற எண்ணைப் பார்த்துத்தான். “அங்கிள், பில் கூட இருக்கிறது ஒரு பக்கம். வந்தது குறைச்சலா இருக்கே. குழி கொஞ்சம் அகன்றிருந்தால் நாலு கன மீட்டர் கட்-ஆஃப் வரைதான் வந்திருக்கும். உடைக்க வேண்டிய தலை எங்கே?”

மறுநாள் ஒரு பைலைத் தோண்டினோம். கட்-ஆஃப் மட்டத்தில் கான்கிரீட் சாம்பல் நிறத்தில், ஈர பிஸ்கட் மாதிரி இருந்தது. சுத்தியலால் தட்டினால் ‘டொப்’ என்ற சத்தம், கையால் கிள்ளினால் மண்ணும் ஜல்லியும் உதிர்ந்தன. அரை மீட்டருக்கும் மேல் உடைத்த பிறகுதான் சுத்தியல் ‘கிண்’ என்று துள்ளியது. பன்னிரண்டும் கிட்டத்தட்ட அப்படித்தான். உடைக்க வேண்டிய தலையே அங்கே பைலாக நின்றது.

அப்புறம் கம்பி. கூட்டில் 8 கம்பிகள், 16 மில்லிமீட்டர். கூட்டின் நீளம் துளையின் நீளம் அல்ல. அடியில் 100 மில்லிமீட்டர் விட்டு, மேலே கட்-ஆஃப்பைத் தாண்டி 700 மில்லிமீட்டர் பைல் கேப்பில் பிடிக்க நீட்ட வேண்டும். ஆக 13.6 மீட்டர். கடையில் கிடைக்கும் கம்பி 12 மீட்டர்தான், அதனால் ஒவ்வொன்றிலும் ஒட்டு வரும். ஒட்டில் இரண்டு கம்பியும் 700 மில்லிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும். ஒரு கம்பிக்கு 14.3 மீட்டர், எட்டுக்கு 114.4.

எடைக்கு அவள் சொன்ன வழி சுலபம்: விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து வர்க்கம் செய்து 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் கிலோ. 16-க்கு 1.58. ஆக 181 கிலோ. சுற்றிப் போகும் 10 மில்லிமீட்டர் கம்பி 200 மில்லிமீட்டருக்கு ஒரு சுற்று, 68 சுற்று, சுற்றுக்கு சுமார் 1.4 மீட்டர். அது 59 கிலோ. கூடு நசுங்காமலிருக்க உள்ளே போடும் வளையங்கள் 15 கிலோ. மொத்தம் 255. பன்னிரண்டுக்கு 3,060 கிலோ. எடைப் பாலம் சொன்னது 2,640.

குறைந்த 420 கிலோ எங்கே போனது என்று அவள் கம்பிக் கடை டி.ஓ.வில் எண்ணிக்கையைப் பார்த்தாள். பைல் ஒன்றுக்கு முழுக் கம்பி எட்டே எட்டு. வளையத்துக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல். ஒட்டே போடவில்லை! 12 மீட்டர் கூட்டை அப்படியே கட்டி, மேலிருந்து தொங்கவிட்டிருக்கிறார்கள். மேலே 700 மில்லிமீட்டர் சரியாக நீட்டிக்கொண்டிருக்கும், பார்க்கிறவருக்கு எல்லாம் ஒழுங்கு. அடியில் 1.7 மீட்டருக்குக் கம்பியே கிடையாது. சில இடங்களில் வடிவமைப்பிலேயே கூட்டைப் பாதியில் நிறுத்துவார்களாம், அது தப்பில்லை. எங்கள் வரைபடத்தில் அடிவரை என்று இருந்தது.

புதைந்ததைத் தோண்டி எடுக்க முடியாது. மண்டபத்தை வடிவமைத்த பொறியாளர் கணக்கை மறுபடி பார்த்து, எங்கள் பைல்கள் மேலிருந்து அழுத்தும் பாரத்தை மட்டும் தாங்குகின்றன, அடியில் கம்பி இல்லாவிட்டாலும் சமாளிக்கும் என்று கையெழுத்திட்டார். தலைகளை நல்ல கான்கிரீட் வரும்வரை உடைத்து, பலகை கட்டி மறுபடி உயர்த்தினோம். அதற்கு மூன்று வாரம் போனது.

குத்தகைக்காரரிடம் டி.ஓ.வையும் எடைச் சீட்டையும் வைத்தபோது அவர் பாறை ஓட்டையைப் பற்றிப் பேசவில்லை. வந்த 48 கன மீட்டருக்கும் 2,640 கிலோவுக்கும் மட்டும் பணம் கொடுத்தோம். தலை உடைத்த கூலியை நாங்கள் அவருக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்திருந்த தொகையிலிருந்து கழிக்கச் சம்மதித்தார், ஆனால் அது பாதிச் செலவுக்குத்தான் வந்தது. மீதி கோயில் பணம். எடைச் சீட்டு யாருக்காவது மாதிரிக்கு வேண்டுமென்றால் கேளுங்கள், படம் எடுத்துப் போடுகிறேன்.