ஒரு வண்டி மணலும் ஒரு விசாவும்

போன டிசம்பரில் மூன்று வாரம் ஊரில் இருந்தேன். அதில் ஒரு வாரத்துக்கு மேல் தம்பியின் பழைய கேஸ் ஒன்றின் பேப்பரைத் தேடியே போனது. அடுத்த ஜனவரியில் நியூ ஜெர்சியில் என் மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் இல்லாமல் நடத்த முடியாது என்பதால் அவனுக்கு அமெரிக்கச் சுற்றுலா விசாவான பி1/பி2 எடுக்க உட்கார்ந்தோம்.

டிராவல்ஸ் கடையில் ஒருவர் விசா விண்ணப்பமான DS-160-ஐ நிரப்பிக்கொண்டிருந்தார். எப்போதாவது கைதாகியிருக்கிறீர்களா, தண்டனை பெற்றிருக்கிறீர்களா, மன்னிப்புக் கிடைத்திருந்தாலும் சொல்லுங்கள் என்று ஒரு கேள்வி வந்தது. அவர் பாட்டுக்கு "இல்லை" என்று தட்டப் போனார். தம்பி என் பக்கம் திரும்பி, "அக்கா, அந்த மணல் கேஸு..." என்று இழுத்தான்.

2009-ல் வீட்டுக்குக் கொல்லைப்புறச் சுவர் எழுப்ப ஆற்றிலிருந்து மாட்டு வண்டியில் மணல் ஏற்றி வந்திருக்கிறான். போலீஸ் மடக்கிவிட்டது. மறுநாள் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆயிரம் ரூபாய் அபராதம் கட்டிவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் இப்படிக் கட்டியிருப்பார்கள். அதை யாரும் கேஸ் என்றே நினைப்பதில்லை.

"ஆயிரம் ரூவா கேஸெல்லாம் அமெரிக்காவுக்கு எப்படிம்மா தெரியும்? பி.சி.சி. க்ளீனா வந்துருக்கு பாருங்க" என்றார் கடைக்காரர். பி.சி.சி. என்கிற போலீஸ் சான்றிதழ் சுத்தமாக வந்தது உண்மைதான். ஆனால் படிவம் கேட்பது பி.சி.சி.யில் என்ன இருக்கிறது என்று இல்லை, உங்களுக்கு என்ன நடந்தது என்று. விசா கிடைக்குமா இல்லையா என்பதையே மாற்றக்கூடிய ஒரு விஷயத்தை மறைத்துப் பிடிபட்டால், அந்தப் பொய்யே தனியாக ஒரு தடையாகிவிடும். காலாவதியே இல்லாத தடை அது. மணலை விட அதுதான் பெரிய கேஸ். "ஆமாம்னு போடுங்க" என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது கோர்ட். எந்தப் பிரிவில் தண்டனை என்பது தெரியாமல் எதுவுமே சொல்ல முடியாது. தம்பிக்கு வருடம்தான் ஞாபகம் இருந்தது. ஸ்டேஷனில் பழைய குற்ற எண்ணைக் கேட்டு வாங்கி, வக்கீல் மூலம் நகல் மனு போட்டோம். ஐந்து நாள் அலைந்த பிறகு, கேஸ் கட்டை அழித்துவிட்டார்கள் என்று பதில் வந்தது. நல்ல வேளையாகப் பதிவேடு இருந்தது. பழுப்பேறிய பக்கத்தில் ஒரே ஒரு வரி: தம்பி பெயர், இ.த.ச. 379, மாட்டு வண்டி 1, ஆற்று மணல் கால் யூனிட், குற்றத்தை ஒப்புக்கொண்டார், அபராதம் ரூ.1000, கட்டத் தவறினால் ஒரு வாரம் சிறை. அந்த வரிக்குச் சான்றிட்ட நகலும், கட்டு அழிக்கப்பட்டதற்கு ஒரு சான்றும் வாங்கினோம். இரண்டையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, மொழிபெயர்த்தவரின் உறுதிமொழியையும் சேர்த்து வைத்தோம்.

இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 379 என்றால் திருட்டு. அதைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தில் ஒழுக்கக்கேடான குற்றம் என்று ஒரு வகை உண்டு. திருட்டு, மோசடி எல்லாம் அதில் வரும். கைகலப்பில் சின்ன அடி, குடித்துவிட்டு ரோட்டில் ரகளை போன்றவை பொதுவாக அதில் வராது. அந்த வகையில் ஒரே ஒரு குற்றம் இருந்தாலும் விசா இல்லை. ஆனால் சில்லறைக் குற்றங்களுக்கு ஒரு விலக்கும் உண்டு. வாழ்நாளில் அந்த மாதிரிக் குற்றம் ஒன்றுதான் இருக்க வேண்டும், கிடைத்த தண்டனை ஆறு மாதத்தைத் தாண்டக்கூடாது. இந்த இரண்டிலும் தம்பி தேறிவிடுவான். மூன்றாவதில்தான் சிக்கல்: அந்தக் குற்றத்துக்குச் சட்டப் புத்தகம் அனுமதிக்கும் உச்சபட்சத் தண்டனையே ஓராண்டைத் தாண்டக்கூடாது. 379-க்கு மூன்றாண்டு. கட்டியது ஆயிரம் ரூபாய்தான் என்றாலும் அவர்கள் பார்ப்பது புத்தகத்தில் இருக்கும் மூன்றாண்டை. இதே தம்பி அன்றைக்கு யாரையாவது அறைந்து 323-ல் மாட்டியிருந்தால், அதற்கு உச்சமே ஓராண்டுதான், பெரும்பாலும் அந்த வகையிலும் சேராது. கால் யூனிட் மணலுக்கு ஒருத்தனை அறைந்திருக்கலாம் போலிருக்கிறது!

ஆக, அவனுக்கு இருந்த ஒரே வழி விலக்குக் கோரிக்கை, அதாவது வேவர். சுற்றுலா விசாவுக்கான வேவருக்குத் தூதரகத்தில் தனிப் படிவமும் கிடையாது, தனிக் கட்டணமும் கிடையாது. நேர்காணல் எடுக்கும் அதிகாரி பரிந்துரைக்க வேண்டும். முடிவெடுப்பது அமெரிக்காவில் இருக்கும் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறை. அவர்கள் எடைபோடுவது மூன்றை என்று 1978-ல் வந்த ஒரு தீர்ப்பு சொல்கிறது: இவரை உள்ளே விட்டால் சமூகத்துக்கு ஆபத்து உண்டா, செய்த குற்றம் எவ்வளவு கடுமையானது, வர விரும்பும் காரணம் என்ன.

நாங்கள் எழுதிய இரண்டு பக்கக் கடிதமும் இந்த மூன்றைச் சுற்றித்தான். வண்டியில் என்ன இருந்தது, எதற்கு, எவ்வளவு அபராதம், அதற்குப் பிறகு ஒரு கேஸும் இல்லை, இத்தனை வருடமாக உரக்கடை நடத்துகிறான், கல்யாணத் தேதி இது. "அப்போது எல்லோரும்தான் அள்ளினார்கள்" என்று தம்பி ஒரு வரி சேர்த்திருந்தான். அதை அடித்தேன். செய்ததை நியாயப்படுத்தினால், திருந்திவிட்டேன் என்று சொல்வதற்கு அர்த்தம் இல்லாமல் போய்விடும்.

இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. ஊருக்குத் திரும்பி வருவான் என்று அதிகாரிக்கு நம்பிக்கை வராமல் 214(b)-யில் மறுத்தால், வேவர் அதற்கு உதவாது. கேஸைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவன் தேற வேண்டும். அதனால் கடையின் ஜி.எஸ்.டி. கணக்கு, பிள்ளைகளின் பள்ளிச் சான்று, நிலப் பட்டா எல்லாம் அதே பைக்குள் போனது.

நேர்காணல் ஏப்ரலில் சென்னையில். நான் அப்போது அமெரிக்கா திரும்பிவிட்டேன். அதிகாரி பதிவேட்டு நகலைப் படித்துவிட்டு, "மணலா?" என்று இரண்டு முறை கேட்டாராம். பிறகு, முடிவு இன்னும் நிலுவையில் இருக்கிறது என்று சொல்லும் 221(g) தாள் ஒன்றைக் கொடுத்து அனுப்பினார். இரண்டு வாரம் கழித்து மின்னஞ்சல் வந்தது: 212(a)(2)(A)(i)(I), அதாவது அந்த ஒழுக்கக்கேடான குற்றப் பிரிவின் கீழ் தகுதியில்லை, வேவருக்குப் பரிந்துரைத்திருக்கிறோம். தகுதியில்லை என்ற வார்த்தையை மட்டும் பார்த்துவிட்டு தம்பி எனக்கு நடு ராத்திரியில் போன் செய்து அழுதான். அடுத்த பாதியைப் படிக்கச் சொன்னேன்.

ஆகஸ்டில் பாஸ்போர்ட் கேட்டு செய்தி வந்தது. விசாவின் கீழ்க் குறிப்பில் வேவருக்கான பிரிவு 212(d)(3)(A) என்று அச்சாகியிருக்கிறது. இந்த வேவர் இந்த விசாவுக்கு மட்டும்தான். அடுத்த முறை விண்ணப்பித்தால் மறுபடியும் கேட்க வேண்டும். நான் சிட்டிசன் என்பதால் பின்னால் அவனுக்கு கிரீன் கார்டு போட்டாலும் இது செல்லாது. அதற்கு I-601 என்று வேறு படிவம். அதில் குடும்பம் கஷ்டப்படும் என்று காட்டலாம், ஆனால் கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள் படும் கஷ்டம்தான் கணக்கு. அக்காவின் கஷ்டம் சேராது. குற்றம் நடந்து பதினைந்து வருடம் தாண்டி, திருந்தி வாழ்கிறார் என்று காட்டும் வழி ஒன்று இருக்கிறது, தம்பிக்கு அதுதான் பொருந்தும்.

பதிவேட்டு நகலின் அசலை அவன் லேமினேட் செய்யக் கிளம்பினான். கோர்ட் முத்திரையைத் தடவிப் பார்க்க முடியாமல் போய்விடும், பிளாஸ்டிக் கவரில் போட்டு வை என்றேன். டிக்கெட் ஜனவரி 4-க்குப் போட்டிருக்கிறது. அந்தக் கவர் கைப்பையில்தான் வர வேண்டும், செக்-இன் பெட்டியில் இல்லை என்று மூன்று முறை சொல்லியிருக்கிறேன். இறங்கியதும் இமிக்ரேஷனில் மறுபடி கேட்கலாம்.