வயதா, எடையா: காய்ச்சல் குழந்தைக்கு எதைப் பார்ப்பது?

இரண்டும் வேண்டும், வேறு வேறு வேலைக்கு.

மூச்சை எண்ண: வயது. ஒரு கிலோ உடலுக்குக் கைக்குழந்தை செலவிடும் ஆக்சிஜன் பெரியவரைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. நுரையீரலும் இதயமும் சிறியவை, ஒரு தடவையில் அதிகம் தள்ள முடியாது. அதனால் அடிக்கடி தள்ளுகின்றன. நிமிடத்துக்கு 45 மூச்சு ஆறு மாதக் குழந்தைக்கு இயல்பாக இருக்கலாம், மூன்று வயதில் அது வேகமூச்சு. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை: 2 முதல் 11 மாதம் வரை 50, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40. அழாத நேரத்தில் முழு நிமிடம் எண்ண வேண்டும்.

மருந்துக்கு: எடை. வயதைப் பார்த்து ஊற்றுவது சுலபம்தான். ஆனால் இரண்டு வயதில் ஒரு பிள்ளை 9 கிலோ, இன்னொன்று 13 கிலோ.

பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை. 9 கிலோவுக்கு 135 மில்லிகிராம். 5 மில்லியில் 250 உள்ள சிரப் என்றால் 2.7 மில்லி. 5 மில்லியில் 120 என்றால் சுமார் 5.6 மில்லி.

அப்புறம் திருப்பிப் போட்டுச் சரிபாருங்கள்: மில்லி × ஒரு மில்லியில் உள்ள மில்லிகிராம் ÷ கிலோ. விடை 15-ஐத் தாண்டினால் நிறுத்துங்கள். அதே 5.6 மில்லியை, மில்லிக்கு 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்தில் எடுத்தால் விடை 62. நான்கு மடங்கு! நான் அதிகம் பயப்படுவது இந்தப் பாட்டில் மாற்றத்துக்குத்தான்.

வீட்டில் எடை தெரியாதா? மருந்துக் கடைத் தராசில் நிறுத்துவிட்டு, டாக்டரிடம் அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் கணக்கே வேண்டாம், நேராக மருத்துவமனை.