மணல் ஒரு குளியலறை, செங்கல் ஜல்லி ஒரு குளியலறை: சில ஆண்டுகளுக்குப் பிறகு

திருச்சியில் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு குளியலறைகள் இருக்கின்றன. இரண்டும் எட்டுக்கு ஐந்து அடி, இரண்டிலும் சங்கன் ஸ்லாப், அதாவது குழாய்கள் போவதற்காகத் தாழ்த்திப் போட்ட தளம், ஒரு அடி ஆழம். வீடு கட்டும்போதே போட்ட முதல் அறையின் பள்ளத்தை மணலால் நிரப்பினார்கள். பின்னர் எடுத்துக் கட்டிய இரண்டாவதில் செங்கல் ஜல்லி. இரண்டையும் தினமும் புழங்கிப் பார்த்த அனுபவம் இது.

முதலில் அளவு. ஒரு அடிப் பள்ளத்தில் மேலே இரண்டு அங்குல கான்கிரீட், டைலும் அதன் கலவையுமாக ஓர் அங்குலம் போக, நிரப்ப வேண்டியது ஒன்பது அங்குலம். 8 × 5 × 0.75 என்றால் 30 கன அடி, அதாவது நூறு கன அடி கொண்ட ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றுக் குறைவு. ஈர மணல் உப்பி நிற்கும், ஜல்லி இடைவெளி விட்டு நிற்கும். அதனால் கால் பங்கு கூடுதலாகச் சொல்லி வைப்பது நல்லது.

எடையிலும் இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. 30 கன அடி உலர்ந்த மணல் ஏறத்தாழ ஒன்றேகால் டன்னுக்கு மேல் வரும். உதிரியாகக் கொட்டிய செங்கல் ஜல்லி ஒரு டன்னை ஒட்டி நிற்கும், கலவை சேர்ந்தால் கூடும். ஆனால் என்னை யோசிக்க வைத்தது வேறு கணக்கு. மணலின் இடுக்குகள் மொத்த அளவில் மூன்றில் ஒரு பங்கு. அவ்வளவிலும் தண்ணீர் புகுந்தால் சுமார் 280 லிட்டர், காலடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு தொட்டி. ஜல்லியும் இதில் சளைத்ததல்ல, செங்கல்லே தண்ணீர் குடிக்கும். நிரப்பும் பொருள் எதுவும் தண்ணீரைத் தடுக்காது, தேக்கித்தான் வைக்கும். தடுப்பது அதற்கு அடியில் இருக்கும் நீர்த்தடுப்புப் பூச்சு மட்டுமே.

மணல் அறையில் "மணல் தானாக இறங்கி உட்கார்ந்துவிடும் சார்" என்றார் கொத்தனார். உட்காரத்தான் செய்தது, டைல் ஒட்டிய பிறகு. தண்ணீர் போகும் நானி டிராப்பைச் சுற்றி நான்கு டைல்கள் தாழ்ந்தன. நாணயத்தால் தட்டினால் வெற்றுப் பானை போல ஒலித்தன. வாசற்படி ஓரத்து இடுக்கில் எறும்புகள் தினமும் மணலை வெளியே தள்ளிக் குவிக்கும். பெருக்கிவிட்டால் மறுநாள் மீண்டும் ஒரு சிறு குவியல். நிரப்பும்போதே தண்ணீர் விட்டு மணலை இறுக்கலாம். ஆனால் அந்தத் தண்ணீர் வெளியேற வழி இல்லாவிட்டால் பூச்சின் மேலேயே நின்றுவிடும்.

கீழறைக் கூரையில் பழுப்புக் கறையும் வெள்ளை உப்பும் பூத்த பிறகுதான் தரையை உடைத்தோம். குழாயில் கசிவு இல்லை. பூச்சு தரையில் முழுதாக அடிக்கப்பட்டு, பள்ளத்தின் பக்கச் சுவர்களில் பாதியோடு நின்றிருந்தது. இந்த இடத்தில்தான் பலருடைய கணக்கு தவறுகிறது. தரை 40 சதுர அடிதான். ஆனால் சுற்றளவு 26 அடி. பள்ளத்துக்குள் ஒரு அடியும் டைல் மட்டத்துக்கு மேல் ஒரு அடியும் சேர்த்தால் சுவர் மட்டும் 52 சதுர அடி. மொத்தம் 92. ஒப்பந்தக்காரர் 40 சதுர அடிக்கு விலை சொன்னால், மீதி எங்கே என்று கேளுங்கள்.

இரண்டாவது அறையில் இதையெல்லாம் எழுதி வைத்துச் செய்வித்தேன். சுவரும் தரையும் சேரும் மூலையைக் கலவையால் உருட்டி, குழாய் துளைக்கும் இடங்களைச் சுருங்காத கிரவுட்டால் அடைத்து, பாலிமர் கலந்த சிமெண்டுப் பூச்சை இரண்டு கோட், ஒன்றுக்கு ஒன்று குறுக்காக அடித்தார்கள். பூச்சு காய்ந்ததும் தண்ணீர் தேக்கி 48 மணி நேரம் விட்டு, கீழே இருந்து கூரையைப் பார்த்தோம். அதன் பிறகும் ஜல்லியை நேராகக் கொட்டவில்லை. கூர்முனை பூச்சைக் கிழித்துவிடும். மெல்லிய சிமெண்டுக் கலவை ஒன்றைப் பரப்பிய பின், குழாய்களைச் சுற்றி மட்டும் மணல் வைத்து, மற்ற இடத்தில் ஜல்லியைக் கலவையோடு அடுக்கினார்கள். மேல் கான்கிரீட்டின் மீது வாட்டம் பிடித்து, இன்னொரு முறை பூச்சு.

பள்ளத்தின் அடியில் தாழ்ந்த மூலையில் ஓர் அங்குலக் குழாயை வெளிச்சுவர் வழியே விட்டது மிகவும் பயன்பட்டது. சில ஆண்டுகள் கழித்து அது சொட்டத் தொடங்கியது. கூரையில் கறை எதுவும் இல்லை. ஷவர் பக்கம் டைல் இடுக்கின் பூச்சு உதிர்ந்திருந்தது. அதைச் சுரண்டி எபாக்ஸி அடைத்ததும் சொட்டு குறைந்து, பிறகு நின்றது. மணல் அறையில் அந்தக் குழாய் இருந்திருந்தால், கறைக்கு வெகுகாலம் முன்பே தெரிந்திருக்கும்.

டைல் தாழாமல் இருக்க வேண்டுமென்றால் என் தேர்வு ஜல்லிதான். ஆனால் கட்டட இடிபாட்டை, மரத்துண்டும் சிமெண்டுப் பையுமாக, 'ஜல்லி' என்று சொல்லிக் கொட்ட வருவார்கள். சல்லடை போட்டுப் பார்த்து வாங்குங்கள். மரம் இருந்தால் கரையானும் வரும்.