சாக்கடைத் தேக்கத்துக்கு நகராட்சிக்கு எழுதிய மனுக்கள்: மூன்று வருட அனுபவம்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நாங்கள் இருக்கும் தெரு கொஞ்சம் பள்ளம். நல்ல மழை பெய்தால் தெருமுனைச் சிறுபாலத்துக்கு முன்னால் சாக்கடை நிரம்பி, கறுப்புத் தண்ணீர் நாலைந்து வீட்டு வாசல்வரை வந்துவிடும். இதற்காக நகராட்சி ஆணையாளருக்கு மூன்று மனு எழுதினேன்.

முதல் இரண்டிலும் ‘சாக்கடையைத் தூர் வார வேண்டும்’ என்று கேட்டிருந்தேன். இரண்டு முறையும் ஆட்கள் வந்து சகதியை அள்ளினார்கள். ‘நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்று மனுவும் முடிந்தது. அடுத்த மழைக்கு மறுபடியும் தேக்கம்.

இரண்டாவது முறை அள்ளிய மறுநாள்தான் ஒன்றைக் கவனித்தேன். மழையே இல்லை, ஆனாலும் பாலத்துக்கு முன்னால் தண்ணீர் நின்றது. அடைப்புதான் காரணம் என்றால் அள்ளியதும் வடிந்திருக்க வேண்டுமே. எதிர்வீட்டுக் கொத்தனார் அண்ணன் டியூப் லெவல் பிடித்துப் பார்த்தார். பாலத்தின் அடியில் பதித்த குழாய், சாக்கடைத் தளத்தைவிட ஐந்து அங்குலம் உயரத்தில் இருந்தது. “எத்தனை தடவை அள்ளினாலும் இது நிக்கத்தான் செய்யும் தம்பி” என்றார்.

அதனால் மூன்றாவது மனுவில் கோரிக்கையையே மாற்றினேன். தூர் வாருவது சுகாதாரப் பிரிவின் வேலை, குழாயை இறக்கிப் பதிப்பது பொறியியல் பிரிவின் வேலை. பொருள் வரியைப் படித்ததுமே எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று தெரிய வேண்டும். இப்படி எழுதினேன்:

‘பொருள்: தெருமுனைச் சிறுபாலக் குழாய் உயரமாக இருப்பதால் தொடர்ந்து கழிவுநீர் தேங்குதல் – குழாயைத் தாழ்த்திப் பதிக்கக் கோருதல் – தொடர்பாக.’

‘பார்வை’ என்ற இடத்தில் முந்தைய இரண்டு மனுக்களின் தேதியும் ஒப்புகை எண்ணும். அதற்குக் கீழே, தண்ணீர் தேங்கிய நாள், தூர் வாரிய நாள், மறுபடி தேங்கிய நாள் என்று சிறு அட்டவணை. நான் எழுதியதிலேயே அழுத்தமான பகுதி இதுதான். தூர் வாரியும் தேங்குகிறது என்பதை அந்தத் தேதிகளே சொல்லிவிடும், கோபமாக எழுதவே தேவையில்லை. முதல் மனுவில் கொசு, தெருவிளக்கு, குப்பைத்தொட்டி என்று எல்லாவற்றையும் கொட்டியிருந்தேன். இதில் ஒரே கோரிக்கை, ஒரே பக்கம். கடைசி வரியில், பொறியாளர் நேரில் வந்து மட்டம் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். அளவுகோலை வைத்து எடுத்த படத்தையும் பாதிக்கப்பட்ட வீட்டுக்காரர்களின் கையெழுத்தையும் இணைத்தேன். தபால் பிரிவில் கொடுத்து, என் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டேன்.

பொறியாளர் வந்து பார்த்தார். அப்புறம் மதிப்பீடு, மன்ற ஒப்புதல், ஒப்பந்தம் என்று ஏழெட்டு மாதம் ஓடிவிட்டது. கட்டுமான வேலை கேட்பவர்கள் ஐப்பசி மழைக்கு முந்தின மாதம் மனு கொடுத்தால் அந்த மழைக்குள் நடக்காது, தை மாதமே கொடுத்துவிடுங்கள். இன்னொன்று, சிறுபாலம் நெடுஞ்சாலைத் துறைச் சாலைக்குக் கீழே இருந்தால் நகராட்சி அதில் கை வைக்க முடியாது. சாலை யாருடையது என்று முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது.

குழாயை இறக்கிப் பதித்த பிறகு ஒரு மழைக்காலம் போய்விட்டது. வாசலுக்குத் தண்ணீர் வரவில்லை.